ஒரே பேருந்து, இரண்டு இலாபங்கள்

பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் இரயில் 1923 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. அதன் முதல் தலைமுறைப் பெட்டிகள் 1977 வரை மலையேறின. அவற்றுக்குப் பின் வந்தவை 2010 இல் ஓய்வு பெற்றன. இப்போது ஓடுபவை 2011 இல் வந்தவை. முதல் பெட்டிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. அடுத்தவை ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளோடு நின்றன. அதே ஜார்ஜ்டவுனின் தெருக்களில் ஓடிய மின் டிராம் வண்டிகளின் கதை வேறு. தண்டவாளம் தேவைப்படாத டிராலி பேருந்துகள் வந்ததும், 1930களில் டிராம்கள் நகரை விட்டே மறைந்தன. ஒரு வண்டி தேய்ந்துதான் முடிய வேண்டும் என்பதில்லை. அதைவிட ஏற்றது ஒன்று வந்தாலும் அதன் காலம் முடிந்துவிடுகிறது.

ஆகவே ஒரு போக்குவரத்து நிறுவனம் வண்டி வாங்கும் நாளில், அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை எவராலும் உறுதியாகக் கூற முடியாது. ஆயினும் கணக்கர் அதை மதிப்பிட்டே ஆக வேண்டும். வண்டிக்குக் கொடுத்த விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வோர் ஆண்டின் செலவிலும் ஒரு பகுதியைச் சேர்ப்பதே தேய்மானம். தேய்மானம் என்பது புதிய வண்டி வாங்குவதற்காக ஓர் உண்டியலில் போட்டுவைக்கும் பணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது அப்படியன்று. பணம் வண்டி வாங்கியபோதே கைமாறிவிட்டது. பிறகு நடப்பது ஏட்டில் செய்யும் பங்கீடு மட்டுமே.

பங்கிடும் முறைகளில் இரண்டு பெரிதும் வழக்கில் உள்ளன. நேர்க்கோட்டு முறையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகை கழிக்கப்படுகிறது. குறைந்துசெல் மதிப்பு முறையில், ஆண்டுத் தொடக்கத்தில் ஏட்டில் எஞ்சியிருக்கும் மதிப்பின் மீது ஒரே விழுக்காடு கழிக்கப்படுகிறது. மதிப்பு ஆண்டுதோறும் சுருங்குவதால் கழிவும் சுருங்கிக்கொண்டே போகும். முதல் முறை சமமாக அரியப்பட்ட ரொட்டி. இரண்டாவது முறையில் முதல் துண்டு மிகப் பெரியது, பின்வருபவை சிறுத்துக்கொண்டே போகும். ரொட்டி ஒன்றுதான். ஆனால், எந்த ஆண்டில் எவ்வளவு பெரிய துண்டு செலவில் சேர்கிறது என்பதைப் பொறுத்து, அந்த ஆண்டின் இலாபம் முற்றிலும் வேறொன்றாகிவிடலாம். எவ்வளவு வேறாகும் என்பதை ஒரு கணக்கின் மூலம் காணலாம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தொழிலாளர்களையும், ஜார்ஜ்டவுன் பள்ளிகளுக்கு மாணவர்களையும் ஏற்றிச் செல்லும் ஒரு சிறு பேருந்து நிறுவனத்தைக் கற்பனை செய்து கொள்ளலாம். உரிமையாளர்கள் 25 இலட்சம் ரிங்கிட் மூலதனம் போட்டனர். வங்கி 30 இலட்சம் கடன் தந்தது. இந்தப் பணத்தில் ஒன்று 5 இலட்சம் ரிங்கிட் வீதம் பத்துப் பேருந்துகள் வாங்கப்பட்டன. மீதி 5 இலட்சம் கையிருப்பு. ஒவ்வொரு பேருந்தும் பத்து ஆண்டு ஓடும் என்றும், இறுதியில் 50,000 ரிங்கிட்டுக்கு விலைபோகும் என்றும் மதிப்பிடப்பட்டது. இந்த 50,000 ரிங்கிட்டை எஞ்சிய மதிப்பு என்பர்.

நேர்க்கோட்டு முறைப்படி, ஒரு பேருந்தின் விலையிலிருந்து எஞ்சிய மதிப்பைக் கழித்தால் 450,000. அதைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 45,000. பத்துப் பேருந்துகளுக்கும் சேர்த்து ஆண்டுத் தேய்மானம் 450,000 ரிங்கிட். குறைந்துசெல் மதிப்பு முறையில் 20 விழுக்காடு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இந்த விழுக்காடு மனம்போன போக்கில் எடுத்ததன்று. ஆண்டுக்கு 20 விழுக்காடு கழித்துக்கொண்டே போனால், பத்தாம் ஆண்டு முடிவில் 5 இலட்ச ரிங்கிட் பேருந்தின் ஏட்டு மதிப்பு ஏறத்தாழ 53,700 ரிங்கிட்டில் வந்து நிற்கும். அதாவது, இரண்டு முறைகளும் ஒரே இடத்தில் தொடங்கி, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் முடிகின்றன. வேறுபாடு முழுவதும் இடைப்பட்ட வழியில் இருக்கிறது.

முதல் ஆண்டில் நிறுவனத்தின் வருவாய் 40 இலட்சம் ரிங்கிட். டீசல், ஓட்டுநர் சம்பளம், பழுதுபார்ப்பு, காப்புறுதி முதலிய செலவுகள் 29 இலட்சம். எனவே தேய்மானத்துக்கும் வட்டிக்கும் முன் மிஞ்சியது 11 இலட்சம். வங்கி வட்டி 150,000. நேர்க்கோட்டு முறையில் 11 இலட்சத்திலிருந்து தேய்மானம் 450,000, வட்டி 150,000 ஆகிய இரண்டையும் கழித்தால் நிகர இலாபம் 5 இலட்சம். குறைந்துசெல் மதிப்பு முறையில் முதல் ஆண்டுத் தேய்மானம் 50 இலட்சத்தின் 20 விழுக்காடான 10 இலட்சம். வட்டியையும் கழித்தால் எஞ்சுவது இலாபமன்று. 50,000 ரிங்கிட் நட்டம்.

அதே பேருந்துகள், அதே பயணிகள், அதே டீசல். ஓர் ஏட்டில் 5 இலட்ச ரிங்கிட் இலாபம். மற்றோர் ஏட்டில் நட்டம்.

விகிதங்களைக் கணக்கிடும்போது இந்த வேறுபாடு இன்னும் பரவுகிறது. ஆண்டு முடிவில் நிறுவனம் கடனில் 3 இலட்சத்தைத் திருப்பிச் செலுத்தியது. வட்டியும் தவணையும் போக, கையிருப்பு 11 இலட்சத்து 50 ஆயிரமாக உயர்ந்தது. இது இரண்டு முறைகளிலும் ஒன்றே. ஆனால், பேருந்துகளின் ஏட்டு மதிப்பு ஒன்றில் 45 இலட்சத்து 50 ஆயிரம்; மற்றொன்றில் 40 இலட்சம். உரிமையாளர் மூலதனமும் இலாப நட்டத்தைச் சேர்த்த பின் ஒன்றில் 30 இலட்சமாக ஏறியது. மற்றொன்றில் 24 இலட்சத்து 50 ஆயிரமாக இறங்கியது.

| முதல் ஆண்டு முடிவில் | நேர்க்கோட்டு முறை | குறைந்துசெல் மதிப்பு முறை |
|---|---|---|
| நிகர இலாபம் / நட்டம் (ரிங்கிட்) | 500,000 இலாபம் | 50,000 நட்டம் |
| வருவாயில் நிகர இலாப விழுக்காடு | 12.5 | −1.25 |
| வட்டிக்கு முன் இலாபம், வட்டியின் எத்தனை மடங்கு | 4.3 | 0.7 |
| கடன் ÷ உரிமையாளர் மூலதனம் | 0.90 | 1.10 |
| வருவாய் ÷ மொத்தச் சொத்து | 0.70 | 0.78 |

அட்டவணையின் நான்காவது வரிசையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கடன் கொடுக்கும் வங்கிகள் பல சமயங்களில் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வைக்கும். நிறுவனத்தின் கடன் அதன் உரிமையாளர் மூலதனத்தை மீறக் கூடாது என்பது அத்தகைய நிபந்தனைகளுள் ஒன்று. மீறினால் வட்டி உயரலாம். கடன் முழுவதையும் உடனே கட்டும்படி வங்கி கேட்கவும் ஒப்பந்தம் இடம் தரலாம். 0.90 என்ற விகிதம் இந்த நிபந்தனைக்குள் அடங்குகிறது. 1.10 அதை மீறுகிறது. தவணை தவறாமல் கட்டி, கையிருப்பையும் இரு மடங்குக்கு மேல் பெருக்கிய ஒரு நிறுவனம், தேய்மான முறை ஒன்றின் காரணமாகவே வங்கி மேலாளரின் முன் விளக்கம் சொல்லும் நிலைக்கு வரக்கூடும். கணக்குமுறைத் தேர்வு வெறும் ஏட்டுச் சங்கதி என்று ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

கடைசி வரிசையோ வேடிக்கையானது. நட்டம் காட்டும் நிறுவனம் தன் சொத்துகளைத் திறமையாகப் பயன்படுத்துவதுபோல் அங்கே தோன்றுகிறது. உண்மையில் திறமை எதுவும் கூடவில்லை. வகுக்கும் எண் சிறுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த முறைகளால் மாறாதவையும் உண்டு. கையிருப்புப் பணம் மாறவில்லை என்பது மேலே தெரிந்தது. வருமான வரியும் மாறாது. மலேசிய வருமான வரிச் சட்டம் நிறுவனத்தின் ஏட்டுத் தேய்மானத்தைச் செலவாக ஏற்பதில்லை. அதற்குப் பதிலாகச் சட்டமே வகுத்த மூலதனக் கழிவை அனுமதிக்கிறது. பேருந்து, லாரி போன்ற வணிக வண்டிகளுக்கு முதல் ஆண்டில் தொடக்கக் கழிவாக 20 விழுக்காடும், ஆண்டுக் கழிவாக 20 விழுக்காடும் கிடைக்கும். அடுத்த ஆண்டுகளில் விலையின் மீது 20 விழுக்காடு வீதம் தொடரும். ஆக, நான்கே ஆண்டுகளில் வண்டியின் விலை முழுவதும் வரிக் கணக்கில் கழிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் முதல் ஆண்டின் கழிவு மட்டுமே 20 இலட்சம். வட்டி போக மிஞ்சிய 950,000 ரிங்கிட்டை அது முழுமையாக விழுங்கிவிடுவதால், ஏட்டில் இலாபம் காட்டினாலும் நட்டம் காட்டினாலும் அந்த ஆண்டு செலுத்த வேண்டிய வரி இல்லை. வரியை மிச்சப்படுத்தவே ஒரு நிறுவனம் ஏட்டில் அதிகத் தேய்மானம் காட்டுகிறது என்ற பரவலான கருத்து இந்நாட்டுக்குப் பொருந்தாது.

ஆண்டுகள் செல்லச் செல்லக் காட்சி தலைகீழாகிறது. குறைந்துசெல் மதிப்பு முறையில் இரண்டாம் ஆண்டுத் தேய்மானம் 8 இலட்சம். மூன்றாம் ஆண்டு 640,000. நான்காம் ஆண்டு 512,000. ஐந்தாம் ஆண்டில் அது 409,600 ஆகி, நேர்க்கோட்டு முறையின் 450,000 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆறாம் ஆண்டில் 327,680 மட்டுமே. அந்த ஆண்டும் தேய்மானத்துக்கு முன் 11 இலட்சமே மிஞ்சுகிறது என்று கொண்டால், வட்டிக்கு முந்தைய இலாபம் நேர்க்கோட்டில் 650,000. மற்றதில் ஏறத்தாழ 772,000. முதல் ஆண்டில் தடுமாறியதாகத் தோன்றிய ஏடு இப்போது முந்திக்கொள்கிறது. பேருந்துகளின் ஏட்டு மதிப்போடு ஒப்பிட்டால் இடைவெளி மேலும் அகலும். நேர்க்கோட்டில் 23 இலட்சம் ரிங்கிட் மதிப்புள்ள பேருந்துகள் 28 விழுக்காடு ஈட்டுகின்றன. மற்ற ஏட்டில் 13 இலட்சத்துச் சொச்சம் மதிப்புள்ள அதே பேருந்துகள் 59 விழுக்காடு ஈட்டுவதாகத் தெரிகிறது.

இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நேர்க்கோட்டு ஏட்டிலேயே, இலாபம் மாறாமல் 650,000 ஆக இருந்தும், ஈட்டும் விழுக்காடு முதல் ஆண்டில் 14 ஆக இருந்து ஆறாம் ஆண்டில் 28 ஆக இரட்டித்துவிட்டது. பேருந்து பழசாகப் பழசாக விகிதம் அழகாகிறது. சொத்தின் மீதான இலாப விழுக்காட்டை வைத்து மேலாளருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்களில், மேலாளர் புதிய வண்டி வாங்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய பேருந்து வந்த நாளே வகுக்கும் எண் பெருகி, விகிதம் சரியும். தேய்ந்த இருக்கையிலும் கசியும் கூரையிலும் அவதிப்படும் பயணிக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை.

அப்படியானால் பேருந்துக்கு எந்த முறை பொருத்தமானது? புதிய பேருந்துக்கு முதல் சில ஆண்டுகளில் பழுதுபார்ப்புச் செலவு சொற்பம். பின்னர் கியர் பெட்டி, குளிரூட்டி, கடற்காற்றில் துருப்பிடிக்கும் அடிச்சட்டம் என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தேய்மானம் முதலில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் இருந்தால், ஏறிவரும் பழுதுச் செலவும் இறங்கிவரும் தேய்மானமும் ஒன்றையொன்று சரிக்கட்டும். ஆண்டுதோறும் வண்டி வைத்திருப்பதற்கான மொத்தச் செலவு ஓரளவு சமமாக அமையும். குறைந்துசெல் மதிப்பு முறையின் ஆதரவாளர்கள் கூறும் வலுவான காரணம் இதுதான். மாறாக, பேருந்து ஒவ்வோர் ஆண்டும் அதே வழித்தடத்தில் அதே எண்ணிக்கை நடைகள் ஓடி, அதே சேவையைத் தருகிறது என்றால் சமமான கழிவே நியாயம் என்பர் மற்றவர்கள். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. தீர்ப்பைச் சொல்வது பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தைதான்.

ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒரு பேருந்து விற்கப்படுகிறது என்று கொள்ளலாம். வாங்குபவர் 2 இலட்சம் ரிங்கிட் தருகிறார். நேர்க்கோட்டு ஏட்டில் அதன் மதிப்பு 275,000. ஆகவே விற்பனையில் 75,000 ரிங்கிட் நட்டம். குறைந்துசெல் மதிப்பு ஏட்டில் அதன் மதிப்பு 163,840. ஆகவே 36,160 ரிங்கிட் இலாபம். முதலாவதில் ஐந்து ஆண்டுத் தேய்மானம் 225,000. விற்பனை நட்டத்தைக் கூட்டினால் 3 இலட்சம். இரண்டாவதில் தேய்மானம் 336,160. விற்பனை இலாபத்தைக் கழித்தால் அதே 3 இலட்சம். 5 இலட்சத்துக்கு வாங்கி 2 இலட்சத்துக்கு விற்ற வண்டி 3 இலட்சம் தின்றது என்ற உண்மையை எந்த முறையாலும் மாற்ற முடியாது. அதை எந்த ஆண்டின் தலையில் கட்டுவது என்பதை மட்டுமே முறை தீர்மானிக்கிறது.

இதிலிருந்து பயனுள்ள ஒரு சோதனை கிடைக்கிறது. ஒரு நிறுவனம் வண்டிகளை விற்கும்போதெல்லாம் நட்டம் காட்டினால், அது ஆண்டுதோறும் தேய்மானத்தைக் குறைத்து எழுதி, இலாபத்தை மிகைப்படுத்தி வந்திருக்கிறது என்று ஐயுறலாம். விற்கும்போதெல்லாம் இலாபம் வந்தால், தேய்மானம் கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு முறை வந்தால் தற்செயல் எனலாம். ஆண்டுதோறும் வந்தால் மதிப்பீட்டில்தான் பிழை.

இதுவரை கண்டது, பத்துப் பேருந்துகளையும் ஒரே நாளில் வாங்கிய நிறுவனம். நெடுங்காலம் தொழிலில் இருக்கும் நிறுவனம் அவ்வாறு செய்வதில்லை. ஆண்டுக்கு ஒரு பேருந்தை வாங்கி, பத்து வயதானதை விற்றுவிடும். அப்போது அதனிடம் ஒரு வயது முதல் பத்து வயது வரை எல்லா வயதுப் பேருந்துகளும் இருக்கும். நேர்க்கோட்டில் ஆண்டுத் தேய்மானம் வழக்கம்போல் 450,000. குறைந்துசெல் மதிப்பில் புதிய பேருந்தின் பெரிய கழிவும் பழைய பேருந்தின் சிறிய கழிவும் சேர்ந்து ஏறத்தாழ 446,000 ஆகின்றன. இலாபத்தில் வேறுபாடு மறைந்தேபோகிறது. ஆயினும் விகிதத்தில் மறைவதில்லை. பத்துப் பேருந்துகளின் மொத்த ஏட்டு மதிப்பு ஒன்றில் 25 இலட்சத்து 25 ஆயிரம். மற்றொன்றில் சுமார் 17 இலட்சத்து 85 ஆயிரம். ஏறக்குறைய ஒரே இலாபம் ஒன்றில் 26 விழுக்காடாகவும் மற்றொன்றில் 37 விழுக்காடாகவும் தென்படும். இந்த இடைவெளி எத்தனை ஆண்டு சென்றாலும் மூடாது. பேருந்துகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போகும் நிறுவனமாக இருந்தால், இலாப வேறுபாடும் நீடிக்கும். ஏனெனில், அதன் கூட்டத்தில் இளம் வண்டிகளே மிகுதி. குறைந்துசெல் மதிப்பு முறை இளம் வண்டிகளிடம்தான் அதிகம் கழிக்கிறது.

மூன்றாவதாக ஒரு முறையும் போக்குவரத்துத் துறைக்கு இயல்பாகப் பொருந்தும். அது ஓடிய தூரத்தை வைத்துக் கணக்கிடுவது. ஒரு பேருந்து தன் வாழ்நாளில் 750,000 கிலோமீட்டர் ஓடும் என்று மதிப்பிட்டால், கழிக்க வேண்டிய 450,000 ரிங்கிட் கிலோமீட்டருக்கு 60 சென் ஆகிறது. இம்முறையின் தன்மை 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது தெளிவாகத் தெரிந்திருக்கும். பள்ளிகள் மூடப்பட்டன, சுற்றுலாப் பேருந்துகள் நிறுத்துமிடங்களில் வரிசையாக நின்றன. தூரத்தைக் கொண்டு கணக்கிட்டால், ஓடாத பேருந்துக்குத் தேய்மானமே இராது. நேர்க்கோட்டு முறையிலோ, வண்டி சும்மா நின்றாலும் கழிவு நிற்காது. வருவாய் அற்ற மாதங்களில் முழுத் தேய்மானமும் நட்டத்தைப் பெருக்கும். ஆனால், நிற்கும் பேருந்துக்கும் வயது கூடுகிறது, மின்கலம் செத்துப்போகிறது, இரப்பர் வெடிக்கிறது. தூரக் கணக்கு இவற்றைக் காணாது. அது அதன் குறை.

இத்தனை வேறுபாடுகள் இருக்கும்போது, நிறுவனங்கள் தமக்கு வசதியான முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒன்றாக மாற்றலாமா என்ற கேள்வி எழும். மலேசிய நிதி அறிக்கைத் தரங்களுள் 116 ஆவது தரம் இதற்கு வரம்பு கட்டுகிறது. சொத்தின் பயன் எந்தப் போக்கில் நுகரப்படுகிறதோ, அந்தப் போக்கையே தேய்மான முறை காட்ட வேண்டும். முறை, பயன்பாட்டுக் காலம், எஞ்சிய மதிப்பு ஆகிய மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மறுபார்வை செய்ய வேண்டும். நுகர்வின் போக்கு உண்மையாகவே மாறியிருந்தால் முறையை மாற்றலாம். மாற்றம் அன்று முதல் முன்னோக்கியே நடைமுறைக்கு வரும். கடந்த ஆண்டுகளின் ஏடுகள் திருத்தப்படுவதில்லை. மாற்றத்தின் விளைவை நிதி அறிக்கையின் குறிப்புகளில் வெளியிட வேண்டும்.

அதன் விளைவு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? மேற்கண்ட நிறுவனம் மூன்று ஆண்டுகள் குறைந்துசெல் மதிப்பு முறையைப் பின்பற்றி, நான்காம் ஆண்டில் நேர்க்கோட்டுக்கு மாறுகிறது என்று கொள்ளலாம். அப்போது பேருந்துகளின் ஏட்டு மதிப்பு 25 இலட்சத்து 60 ஆயிரம். எஞ்சிய மதிப்பு 5 இலட்சத்தைக் கழித்து, மீதமுள்ள ஏழு ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 294,000. பழைய முறையில் அந்த ஆண்டு 512,000 கழிந்திருக்கும். ஒரு பயணிகூடக் கூடாமல், ஒரு சென் கட்டணம்கூட உயராமல், இலாபம் ஏறத்தாழ 218,000 ரிங்கிட் ஏறிவிடுகிறது. முதல் மூன்று ஆண்டுகளில் அளவுக்கு மிஞ்சிக் கழித்ததும், அதன் பலனைப் பின்னர் அறுவடை செய்வதும் ஒருசேர நடப்பதால், இத்தகைய மாற்றம் இரு முறைகளில் எதனையும்விடக் கூடுதலான இலாபத்தை அந்த ஆண்டில் காட்டும். குறிப்புகளைப் படிக்காமல் இலாபத்தை மட்டும் பார்ப்பவர், நிருவாகம் சிறந்துவிட்டது என்றே நினைப்பார்.

முறையை மாற்றாமலே, மதிப்பீட்டை மாற்றியும் இதைச் செய்யலாம். விமான நிறுவனங்கள் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் டெல்டா நிறுவனமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் நேர்க்கோட்டு முறையையே பின்பற்றின. டெல்டா 1986 வரை தன் விமானங்களுக்குப் பத்து ஆண்டு வயதும் 10 விழுக்காடு எஞ்சிய மதிப்பும் வைத்திருந்தது. 1986 இல் வயதைப் பதினைந்தாக்கியது. 1993 இல் வயதை இருபதாக்கி, எஞ்சிய மதிப்பை 5 விழுக்காடாக்கியது. 10 கோடி டாலர் விமானம் ஒன்றின் ஆண்டுத் தேய்மானம் இவ்வாறு 90 இலட்சத்திலிருந்து 60 இலட்சமாகி, பிறகு 47 இலட்சத்து 50 ஆயிரமாகக் குறைந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1989 வரை எட்டே ஆண்டு வயதும் 10 விழுக்காடும் வைத்திருந்தது. அதன்பின் பத்து ஆண்டும் 20 விழுக்காடும். அதே விமானத்துக்கு முதலில் 1 கோடியே 12 இலட்சத்து 50 ஆயிரம், பிறகு 80 இலட்சம்.

டெல்டா ஏமாற்றியது, சிங்கப்பூர் நேர்மையாக நடந்தது என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரமாகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களை இளமையிலேயே விற்றுப் புதியன வாங்கும் வழக்கமுடையது. ஆகவே அதற்குக் குறுகிய வயதும் உயர்ந்த எஞ்சிய மதிப்பும் பொருந்தும். டெல்டா தன் விமானங்களை நெடுங்காலம் பறக்கவிட்டது. ஆயினும், டெல்டாவின் 1993 ஆம் ஆண்டு மாற்றம் அமெரிக்க விமானத் துறையே பெரும் நட்டத்தில் தவித்த நேரத்தில் வந்தது என்பதையும் கவனிக்காமல் விட முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 2001 ஏப்ரலில் பதினைந்து ஆண்டு, 10 விழுக்காடு என்று மாற்றிக்கொண்டது. அத்துடன் அதன் ஆண்டுத் தேய்மான வீதம் 8 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக இறங்கியது. டெல்டா 1986 இல் எட்டிய அதே வீதத்துக்கு அது பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.